டெஸ்டிங்கில் பெரிய பிழை, ரிலீஸ் தள்ளிப்போகிறது: கிளையன்டுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

ரிலீஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டெஸ்டிங் டீமிலிருந்து ஒரு பெரிய பிழை வந்து நிற்கும். அவசரமாக மீட்டிங் நடக்கும், தேதியைத் தள்ளிவைப்பது என்று முடிவாகும். அந்தச் செய்தியைக் கிளையன்டுக்கு எழுதும் வேலை பல நேரங்களில் புதிதாக டீம் லீட் ஆனவரிடமோ, புராஜெக்ட் கோஆர்டினேட்டராக வந்து சில மாதமே ஆனவரிடமோ வந்து சேரும். அவர் கையில் இருப்பது பக் லிஸ்ட் மட்டும். அதை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால், 'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று மொட்டையாக ஒரு வரி வரும். இல்லாவிட்டால் டெவலப்பருக்கே பாதி புரியாத மூன்று பக்கம் வரும். கிளையன்டுக்கு இரண்டாலும் பயனில்லை. தன் கடையில் என்ன நடந்திருக்கும், மென்பொருள் எப்போது வரும், அதுவரை வேலையை எப்படி ஓட்டுவது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனம், அதற்கு ஆறு கிளைகள். அவர்களுக்காகப் புதிய பில்லிங் மென்பொருள் தயாராகிறது. ஜூன் 1, திங்கட்கிழமை எல்லாக் கிளைகளிலும் தொடங்குவதாகப் பேச்சு. மே மாதக் கடைசிச் சுற்று டெஸ்டிங்கில் இரண்டு பிழைகள் கிடைக்கின்றன.

முதல் பிழை, இரட்டை பில். நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது பில்லைச் சேவ் செய்தால் சர்வரிலிருந்து பதில் வரத் தாமதமாகிறது. பதில் வரவில்லையே என்று மென்பொருள் அதே பில்லைத் தானாக மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு அது பழைய பில்தான் என்று தெரியவில்லை. புது நம்பர் போட்டு இன்னொரு பில் உருவாக்குகிறது, ஸ்டாக்கையும் இன்னொரு முறை கழிக்கிறது.

இரண்டாவது பிழை, சேல்ஸ் ரிட்டர்னில். மருந்துக் கடையிலிருந்து திரும்பி வரும் சரக்கு எந்த பேட்சில் போனதோ அந்த பேட்சில் ஏற வேண்டும். மென்பொருள் அதைக் கடைசியாக வந்த பேட்சில் ஏற்றுகிறது. அடுத்த மாதம் காலாவதியாகும் மாத்திரை அட்டை, இன்னும் இரண்டு வருடம் இருக்கும் அட்டையாகத் திரையில் தெரிகிறது.

இவை இரண்டும் சேர்ந்து ரிலீஸை நிறுத்திவிட்டன. இனி கடிதத்துக்கு வருவோம்.

எழுதுவதற்கு முன்: பிழையைக் கிளையன்டின் கவுன்டர்வரை கொண்டுபோய்ப் பாருங்கள்

முதலில் பிழையைக் கண்டுபிடித்த டெஸ்டருடன் உட்காருங்கள். பக் ரிப்போர்ட்டைப் படிப்பது போதாது. பிழையை உங்கள் கண்முன் ஒருமுறை வரவழைக்கச் சொல்லுங்கள். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, கிளையன்டின் அன்றாட வேலையில் அந்தச் சூழ்நிலை எவ்வளவு சகஜம் என்று கேளுங்கள். இரட்டை பில், நெட்வொர்க் மெதுவாக இருந்தால் மட்டும் வருகிறது. அப்படியானால் அரிதான விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் ஆறு கிளைகளில் இரண்டு, மொபைல் டாங்கிளை நம்பி ஓடுபவை என்றால், மாலையில் கூட்டம் சேரும் நேரத்தில் அங்கே அது தினமும் நடக்கும்.

அப்புறம் பிழையின் பின்விளைவைத் தொடர்ந்து போங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இது. கடிதத்தின் எடையே இங்கேதான் இருக்கிறது. இரட்டை பில் விழுந்தால் என்ன ஆகும்? ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம், இன்னொரு வணிகருக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். ஒரே பில் நம்பரை இரண்டு முறை அனுப்பினால் அரசு போர்ட்டல் ஏற்காது. நம் பிழை புது நம்பர் அல்லவா போடுகிறது! அதனால் போர்ட்டல் அதை உண்மையான பில்லாகவே எடுத்துக்கொண்டு, ஐஆர்என் என்ற தனிப் பதிவு எண்ணைக் கொடுத்துவிடும். அந்த ஐஆர்என்னைப் போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். கவனிக்காமலே மாதம் முடிந்துவிட்டால், அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் நடக்காத விற்பனை ஏறும், அதற்கு வரியும் கட்ட வேண்டிவரும். சரக்கு வாங்கிய கடையின் கொள்முதல் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யிலும் அவர்கள் வாங்காத பில் ஒன்று வந்து நிற்கும். அந்தக் கடைக்காரர் போனில் கேள்வி கேட்பது நம்மை அல்ல, நம் கிளையன்டை.

பேட்ச் பிழைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காலாவதி தேதி தவறாகத் தெரிந்தால் காலாவதியான மருந்து கடைக்குப் போகும், அங்கிருந்து நோயாளியின் கைக்குப் போகும். மருந்து வியாபாரம் செய்பவருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

பக் லிஸ்டில் மீதி இருக்கும் சின்னப் பிழைகளை என்ன செய்வது? பிரின்ட்டில் முகவரி ஒரு வரி கீழே இறங்குவது, ரிப்போர்ட்டில் ஒரு தலைப்பு தவறாக இருப்பது போன்றவை கடிதத்தில் வேண்டாம். ரிலீஸை நிறுத்திய பிழைகளை மட்டும் எழுதுங்கள். முழு லிஸ்டைத் தனி இணைப்பாகக் கொடுக்கலாம். முப்பது பிழைகளைக் கடிதத்திலேயே அடுக்கினால், எது தன் தொழிலைப் பாதிக்கும் என்று கிளையன்டால் பிரித்துப் பார்க்க முடியாது. மொத்த மென்பொருளும் மோசம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

புதிய தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது

டெவலப்பரிடம் கேட்டால் 'நாலு நாள்ல முடிச்சிடலாம்' என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது பிழையைத் திருத்தி முடிக்கும் நாள், ரிலீஸ் தேதி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடிதம் எழுதுவதால்தான் இரண்டாவது முறையும் தள்ளிப்போகிறது. முதல் தாமதத்தைக் கிளையன்ட் பொறுத்துக்கொள்வார். இரண்டாவது தாமதத்துக்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் அவர் நம்பமாட்டார்.

வேலைகளை இன்றிலிருந்து முன்னோக்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் கடிதம் எழுதும் நாள் மே 20, புதன்கிழமை. திருத்தத்துக்கு நாலு நாள், கோட் ரிவ்யூவுக்கு ஒரு நாள். சனி, ஞாயிறு விட்டுக் கணக்கிட்டால் மே 27. அந்த இரண்டு பிழைகளும் போய்விட்டனவா என்று ரீடெஸ்ட் செய்ய மே 28, 29. அடுத்தது ரெக்ரஷன், அதாவது இந்தத் திருத்தம் வேறு எதையாவது உடைத்துவிட்டதா என்று பில்லிங், ரிட்டர்ன், ஸ்டாக், வரி ரிப்போர்ட் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அதற்கு ஜூன் 1 முதல் 5 வரை. ரெக்ரஷனில் புதிதாக எதுவும் கிளம்பாது என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். பில் சேவ் ஆகும் இடத்திலேயே கை வைத்திருக்கிறோம், ஏதாவது ஒன்று வரும். அதற்காக ஜூன் 8 முதல் 10 வரை ஒதுக்குங்கள். பிறகு கிளையன்டின் ஆட்களே உட்கார்ந்து சோதிக்கும் யுஏடி, ஜூன் 11, 12, 15. பழைய மென்பொருளிலிருந்து ஸ்டாக்கையும் பாக்கியையும் எடுத்து ஏற்றிப் பார்க்கும் ஒத்திகைக்கு ஜூன் 16, 17. எதிர்பாராததற்கு இன்னும் இரண்டு நாள். ஆக, ஜூன் 19 வெள்ளிக்கிழமை தயார். 'நாலு நாள்' என்று தொடங்கியது ஒரு மாதத்தில் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் ஆபத்து. மேலதிகாரி 'ஜூன் 10 சொல்லிடு' என்பார். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் ரெக்ரஷனுக்கு ஒன்றரை நாள்தான் மிஞ்சும். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கிக்கு இப்படித்தான் நடந்தது. புதிய கணினி அமைப்புக்கு 2017 நவம்பரில் மாறுவதாக இருந்து, தள்ளிவைத்து, 2018 ஏப்ரலில் மாறினார்கள். மாறிய கையோடு லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. வேலையின் அளவைப் பார்த்துத் தேதி குறிக்காமல், முடிவுத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு அதற்குள் வேலைகளைத் திணித்தார்கள் என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.8 கோடி பவுண்டுக்கும் மேல். தேதி தள்ளிப்போனதில் தவறில்லை. தள்ளிவைத்த காலம் சோதனைக்குப் போதவில்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

மேலதிகாரியிடம் இதை வாக்குவாதமாகச் சொல்ல வேண்டாம். மேலே போட்டதுபோல் நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி, 'சார், இதில் எதை எடுத்துவிடலாம்?' என்று கேளுங்கள். கேள்வி அப்படி வரும்போது பெரும்பாலும் எதையும் எடுக்கச் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் தயாராகும் நாள் வேறு, கிளையன்ட் தொடங்க வசதியான நாள் வேறு. ஜூன் 19-இல் தயார் என்றால் ஜூன் 22 திங்கட்கிழமை தொடங்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஜூன் மாத பில்கள் பாதி பழைய மென்பொருளில், பாதி புதியதில் இருக்கும். இரண்டு பில் வரிசைகளையும் சேர்த்து ஒரே ஜிஎஸ்டிஆர்-1 தயாரிக்கும் கஷ்டம் அவருடைய கணக்காளருக்கு. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்துவிட்டு ஜூலை 1 தொடங்குவதே அவர்களுக்கு வசதியாக இருக்கலாம். இதை நாமாக முடிவு செய்யாமல் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் அடுத்த படி.

கடிதத்துக்கு முன் ஒரு போன்

தேதி தள்ளிப்போகிறது என்று கிளையன்ட் முதன்முதலில் கடிதத்தில் படிக்கக் கூடாது. முதலாளியிடமோ, அந்தப் பக்கம் பொறுப்பில் இருப்பவரிடமோ நேரில் அல்லது போனில் சொல்லிவிட்டு, அன்றைக்கே கடிதத்தை அனுப்புங்கள். போனில் விஷயத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லலாம்: "சார், ஜூன் 1 தொடங்க முடியாது. கடைசி டெஸ்டிங்கில் ரெண்டு பிழை கிடைச்சிருக்கு. ஒண்ணு ஒரே பில்லை ரெண்டு தடவை போடுது, இன்னொண்ணு ரிட்டர்ன் சரக்கோட எக்ஸ்பைரியை மாத்திக் காட்டுது. ஜூன் 19-க்குள்ள சரி பண்ணிச் சோதிச்சு முடிச்சிடுவோம். மாசத்து நடுவுல மாத்துறது உங்க அக்கவுன்டன்டுக்குச் சரிப்படுமா, இல்லை ஜூலை 1 வச்சுக்கலாமா?" அப்புறம் பேசாமல் கேளுங்கள். அவர் கோபப்படுவார், அது நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தின் நடுவே கடிதத்துக்குத் தேவையான தகவல்கள் வரும். 'பழைய சாஃப்ட்வேர் ஒப்பந்தம் மே 31-ஓட முடியுதே' என்பார். 'ஆறு கிளை ஆளுங்களையும் 29-ஆம் தேதி டிரெய்னிங்குக்கு வரச் சொல்லியிருக்கேனே' என்பார். இவற்றுக்குக் கடிதத்தில் பதில் இருந்தால், நாம் அவர் பக்கம் நின்று யோசித்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியும்.

போனுக்கு முன்பே உங்கள் நிர்வாகத்திடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தாமதத்தால் கிளையன்டுக்கு வரும் செலவில் நாம் எதை ஏற்போம் என்பது ஒன்று. ஒப்பந்தத்தில் தாமதம் பற்றி என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. எத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அபராதப் பிரிவு உண்டா, கடிதம் யார் பெயரில் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பணம் பற்றிய பத்தியை மட்டுமாவது நிர்வாகம் படித்து ஒப்புதல் தந்த பிறகே அனுப்புங்கள்.

கடிதம்

கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியிலேயே பழைய தேதி, புதிய தேதி, அதுவரை வேலை எப்படி நடக்கும் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். 'தங்களுடன் பணியாற்றுவதில் பெருமை கொள்கிறோம்' என்று தொடங்கி மூன்றாவது பத்தியில் கெட்ட செய்தியை வைத்தால், படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். நம் உதாரணத்துக்கான கடிதம் இப்படி இருக்கலாம்:

> மே 20
>
> பொருள்: பில்லிங் மென்பொருள் தொடங்கும் தேதி ஜூன் 1-லிருந்து ஜூலை 1-க்கு மாற்றம்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். இன்று காலை தங்களிடம் போனில் பேசியதை எழுத்தில் தருகிறேன். ஜூன் 1 அன்று தொடங்குவதாக இருந்த புதிய பில்லிங் மென்பொருளை அந்தத் தேதியில் எங்களால் தர இயலாது. தாங்கள் விரும்பியபடி ஜூலை 1, புதன்கிழமை தொடங்கலாம். அதுவரை ஆறு கிளைகளிலும் இப்போதுள்ள மென்பொருளிலேயே பில் போடலாம். தங்கள் கணக்கும் ஸ்டாக்கும் எந்த வகையிலும் பாதிக்கப்படவில்லை. இந்தத் தாமதத்துக்கு எங்கள் நிறுவனமே பொறுப்பு. அதற்காக வருந்துகிறோம்.
>
> கடைசிச் சுற்றுச் சோதனையில் இரண்டு பெரிய பிழைகளைக் கண்டோம். நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது ஒரே பில் இரண்டு நம்பர்களில் இரண்டு முறை பதிவாகிறது, ஸ்டாக்கும் இரண்டு முறை கழிகிறது. இப்படி ஜூன் 1 அன்று தொடங்கியிருந்தால் நடக்காத விற்பனைக்கு இ-இன்வாய்ஸ் உருவாகி, தங்கள் ஜிஎஸ்டி கணக்கிலும் தங்களிடம் வாங்கும் கடைகளின் கணக்கிலும் ஏறியிருக்கும். இரண்டாவதாக, ரிட்டர்ன் வரும் மருந்து அதன் சொந்த பேட்சில் ஏறாமல் புதிய பேட்சில் ஏறுகிறது. அதனால் காலாவதி தேதி தவறாகத் தெரியும், காலாவதியான மருந்து விற்பனைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மென்பொருளைத் தங்களிடம் தருவது சரியல்ல என்று முடிவு செய்தோம்.
>
> முந்தைய சுற்றுகளில் இவை ஏன் தெரியவில்லை என்று தாங்கள் கேட்டீர்கள். அந்தச் சோதனைகள் எங்கள் அலுவலகத்தின் வேகமான நெட்வொர்க்கில் நடந்தன. சோதனைக்கு வைத்திருந்த தரவில் ஒரு மருந்துக்கு ஒரு பேட்ச் மட்டுமே இருந்தது. தங்கள் உண்மையான ஸ்டாக்கை ஏற்றி, நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துச் சோதித்தபோதுதான் இரண்டும் வெளிப்பட்டன. இனி ஒவ்வொரு சுற்றும் இந்த நிலைமைகளிலேயே நடக்கும்.
>
> மே 27-க்குள் இரண்டு பிழைகளும் திருத்தப்படும். ஜூன் 10 வரை அந்தத் திருத்தங்களையும் மென்பொருளின் மற்றப் பகுதிகளையும் முழுமையாக மறுபடி சோதிப்போம். ஜூன் 11, 12, 15 தேதிகளில் தங்கள் ஊழியர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஜூன் 19-க்குள் ஸ்டாக் மாற்றும் ஒத்திகையும் முடியும். தங்கள் ஊழியர்களின் சோதனையில் பெரிய பிழை ஏதும் இல்லையென்றால் ஜூலை 1 உறுதி. ஏதேனும் வந்தால் ஜூன் 16 அன்றே தங்களுக்குச் சொல்லிவிடுவோம்.
>
> தங்களிடமிருந்து இரண்டு உதவிகள் தேவை. ஜூன் 11 முதல் நடக்கும் சோதனைக்கு பில்லிங் தெரிந்த இருவரையும், ரிட்டர்ன் பார்க்கும் ஒருவரையும் அனுப்ப வேண்டும். மொபைல் இணைப்பில் இயங்கும் கிளைகள் எவை என்று மே 25-க்குள் தெரிவிக்க வேண்டும்.
>
> இப்போதுள்ள மென்பொருளை ஜூன் மாதத்துக்கு நீட்டிக்கும் கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம். மே 29 அன்று நடக்க இருந்த பயிற்சியை ஜூன் 26-க்கு மாற்றுகிறோம், அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வேலை நிலவரத்தை எழுதி அனுப்புகிறேன். இடையில் எந்தக் கேள்வி என்றாலும் என்னை நேரடியாக அழைக்கலாம்.
>
> இப்படிக்கு,
> திட்ட மேலாளர்

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியவை

சர்வர், டைம்அவுட், டேட்டாபேஸ் என்ற சொற்கள் கடிதத்தில் வரவே இல்லை. பிழையின் காரணத்தை மறைக்கவில்லை, அவர் தொழிலில் பார்க்கக்கூடிய விதத்தில் சொல்லியிருக்கிறோம். கிளையன்டிடம் ஐடி டீம் இருந்தால் அவர்களுக்குக் காரணம் விரிவாகத் தேவைப்படும். ஒவ்வொரு பில் கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புது பில் உருவாக்காமல் பழைய பில்லையே திருப்பித் தருமாறு சர்வரை மாற்றுகிறோம் என்ற விவரமெல்லாம் தனித் தாளில் போகட்டும்.

'ஏன் முன்பே தெரியவில்லை' என்ற பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளையன்ட் மனதில் முதலில் எழும் கேள்வியே அதுதான். இங்கே ஆளைக் குறை சொல்லாதீர்கள். 'டெஸ்டர் புதியவர்' என்று எழுதினால், இந்த வேலைக்குப் புதியவரை ஏன் வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். சோதனையில் எந்த நிலைமை விடுபட்டது, இனி அது எப்படிச் சேர்க்கப்படும் என்று சொன்னால் போதும்.

'இனி எந்தப் பிழையும் வராது', 'நூறு சதவீதம் உறுதி' என்றெல்லாம் எழுத வேண்டாம். மென்பொருளில் யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு அது. ஜூலை 1 உறுதி என்று சொன்ன இடத்தில், எது நடந்தால் உறுதி, நடக்காவிட்டால் எந்த நாளில் தெரிவிப்போம் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். அதேபோல 'சிறிய பிழை' என்ற சொல்லும் கூடாது. சிறிய பிழைக்கு யாராவது ஒரு மாதம் தள்ளிவைப்பார்களா என்று கிளையன்ட் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

வருத்தம் தெரிவிப்பது ஒருமுறை போதும், முதல் பத்தியில். பத்திக்கு ஒரு மன்னிப்பு என்று எழுதினால் கடிதம் முழுக்க நம் சங்கடத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

கிளையன்ட் 'பரவாயில்லை, அப்படியே கொடுங்க' என்றால்

இது அடிக்கடி நடக்கும். 'இரட்டை பில் வந்தா நாங்க பார்த்து கேன்சல் பண்ணிக்கிறோம், ஜூன் 1-லயே ஆரம்பிங்க' என்பார். உடனே மறுக்காமல், அப்படிச் செய்தால் தினசரி வேலை என்னவாக இருக்கும் என்று அவர் கண்முன் வையுங்கள். ஆறு கிளைகளிலும் ஒவ்வொரு மாலையும் ஒருவர் உட்கார்ந்து, ஒரே கடைக்கு ஒரே தொகையில் அடுத்தடுத்து விழுந்த பில்களைத் தேட வேண்டும். ஒரு கடை உண்மையிலேயே ஒரே சரக்கை இரண்டு முறை வாங்கியிருந்தால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஐஆர்என்னை ரத்து செய்து, ஸ்டாக்கைக் கையால் திருத்த வேண்டும். இதைக் கேட்ட பிறகும் அவர் வேண்டும் என்றால், அது அவர் எடுக்கக்கூடிய முடிவுதான். எழுத்தில் வாங்கிக்கொண்டு அதற்கான நடைமுறையையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

பேட்ச் பிழைக்கு இந்தச் சலுகை கிடையாது. காலாவதி தேதி தவறாகத் தெரிவதைக் கவுன்டரில் இருப்பவரால் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நோயாளிக்கு அந்த வழியும் இல்லை. கிளையன்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தப் பிழையோடு ரிலீஸ் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. ரிட்டர்ன் பகுதியை முழுவதும் மூடிவிட்டு மற்றதைத் தரலாமே என்று சிலர் கேட்பார்கள். மருந்து மொத்த விற்பனையில் ரிட்டர்ன் அன்றாட வேலை. அதை மட்டும் பழைய மென்பொருளில் வைத்தால் ஸ்டாக் இரண்டு இடத்தில் பிரிந்து, இரண்டுமே தவறாகிவிடும்.

கடிதம் போன பிறகு

வெள்ளிக்கிழமை என்று எழுதினால் வெள்ளிக்கிழமை அனுப்புங்கள், சொல்ல ஒன்றுமில்லாத வாரத்திலும் கூட. ஐந்தாறு வரி போதும். 'இரண்டு திருத்தங்களும் முடிந்தன. வேகம் குறைத்த நெட்வொர்க்கில் இரட்டை பில் இப்போது வரவில்லை. ரிட்டர்னில் ஒரு கேள்வி பாக்கி: ஒரே பில்லில் இரண்டு பேட்ச் போயிருந்து, பாதி மட்டும் திரும்பி வந்தால் எந்த பேட்சில் ஏற்றுவது? தங்கள் கிளைகளில் வழக்கம் என்ன என்று சொன்னால் நல்லது.' இப்படி ஒரு கேள்வி போனால், அவருடைய ஆட்களில் ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வேலை அவர்களுக்கும் கண்ணில் படும்.

தேதி மறுபடி நழுவும் அறிகுறி தெரிந்தால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ரெக்ரஷன் தொடங்கிய இரண்டாம் நாளே புதுப் பிழைகள் வரும் வேகத்தைப் பாருங்கள். தினமும் திருத்துவதைவிடப் புதிதாக வருவது அதிகமாக இருந்தால், ஒதுக்கிய மூன்று நாள் போதாது. அன்றைக்கே போன் செய்து, இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, ஜூன் 10 அன்று சரியாகச் சொல்கிறோம் என்று தெரிவித்துவிடுங்கள்.

யுஏடி முடிந்ததும் கடைசியாக ஒரு சின்னக் கடிதம் அனுப்ப வேண்டும். முதல் கடிதத்தில் சொன்ன இரண்டு பிழைகளும் எந்த நிலைமையில், எந்தெந்தத் தேதிகளில் மறுபடி சோதிக்கப்பட்டன, அவருடைய ஊழியர்களில் யார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள், தீராமல் இருக்கும் சின்னப் பிழைகள் எவை, அவை எப்போது தீரும் என்பவை அதில் இருக்கட்டும். ஸ்டாக் ஏற்றும் நாளில் அவர் பக்கம் யார் வர வேண்டும், எந்த நேரத்தில் பழைய மென்பொருளில் பில் போடுவதை நிறுத்த வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.